வகையிடலைத் தேங்காயிலிருந்து தொடங்கினேன், 2-வது வினாடியில் ஒரு மாணவன் நிறுத்திவிட்டான்

கோபி கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இத்தனை வருடமும் வகையிடல் பாடத்தின் முதல் நாளே xⁿ என்றால் nxⁿ⁻¹ என்று பலகையில் எழுதிவிடுவேன். பிள்ளைகள் கணக்கை வேகமாகப் போடுவார்கள். ஆனால் விடை 6 என்று வந்ததும் "6 என்றால் என்ன?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். இந்த வருடம் விதியை எழுதாமலே இரண்டு பாடவேளை நடத்திப் பார்த்தேன். பாதி நன்றாகப் போனது, பாதியில் மாட்டிக்கொண்டேன். அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எடுத்தது தேங்காய். 20 மீட்டர் உயரத்தில், நெட்டைத் தென்னையிலிருந்து ஒரு காய் கழன்று விழுகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டு g-ஐ 10 என்று வைத்துக்கொண்டால், t வினாடியில் விழுந்த தூரம் s = 5t². 2 வினாடியில் தரைக்கு வந்துவிடும். "தரையைத் தொடும்போது என்ன வேகம்?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் 20-ஐ 2-ஆல் வகுத்து 10 என்றார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "முதல் வினாடியில் 5 மீட்டர்தான் விழுகிறது, அடுத்த வினாடியில் 15 மீட்டர் விழுகிறது. அப்புறம் எப்படி டீச்சர் ஒரே வேகம்?" என்றாள். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது.

சரி, விழத் தொடங்கி சரியாக 1 வினாடி ஆகும் கணத்தில், அதாவது t = 1-இல், என்ன வேகம் என்று கண்டுபிடிப்போம் என்றேன். ஒவ்வொரு இடைவெளிக்கும் சராசரி வேகத்தைக் கால்குலேட்டர் இல்லாமல் கையாலேயே போட்டார்கள்.

1 முதல் 2 வரை: 15
1 முதல் 1.5 வரை: 12.5
1 முதல் 1.1 வரை: 10.5
1 முதல் 1.01 வரை: 10.05

அந்தப் பக்கமிருந்தும் பார்க்கச் சொன்னேன்.

0.9 முதல் 1 வரை: 9.5
0.99 முதல் 1 வரை: 9.95

"மேலே இருந்து இறங்கி வருவதும் கீழே இருந்து ஏறி வருவதும் 10-ஐத்தான் நெருக்குது" என்று கடைசி வரிசைப் பையன் ஒருவன் சொன்னான். அதற்கு அப்புறம்தான் 1.1, 1.01 என்பதற்குப் பதிலாக 1 + h என்று எழுதினோம். 5(1+h)² − 5 என்பது 10h + 5h². அதை h-ஆல் வகுத்தால் 10 + 5h. அந்த 0.5-உம் 0.05-உம் எங்கிருந்து வந்தன என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. அந்த நிமிடம் வகுப்பு இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள்தான் சிக்கல்.

முதலாவது, இதையே வரைபடத்தாளில் வரைந்து, வெட்டுக்கோடு சுருங்கச் சுருங்கத் தொடுகோடு ஆவதைக் காட்டினேன். தொடுகோட்டின் சாய்வை அளக்கச் சொன்னால் நாலைந்து பேர் கோணமானியை வைத்து 27 பாகை என்று அளந்து, tan 27° ஏறத்தாழ 0.5, ஆகவே சாய்வு 0.5 என்று எழுதியிருந்தார்கள். முதல் நாள் 10, இன்றைக்கு 0.5.

இரண்டாவது, அதே கடைசி வரிசைப் பையன் கேட்டான்: "2-வது வினாடியில் என்ன வேகம் டீச்சர்?" நான் 20 என்றேன். "இடது பக்கம் பார்த்தால் 19.5, 19.95 என்று 20-க்குப் போகுது. வலது பக்கம் காய் தரையில் கிடக்குது, எல்லாம் 0. 20-ஆ, 0-வா?" மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவனுக்கு என்ன சொல்வது? இன்னொன்று, விதியை எப்போது எழுதுவது?

திருப்பூர் டியூஷன்

டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இரண்டு பாடவேளையில் நான் விதியைச் சொல்லி 30 கணக்கு போட வைத்துவிடுவேன். பொருளெல்லாம் போடப் போடத் தானாக வரும். சைக்கிள் ஓட்டுவதை யாரும் விளக்கி வைத்துக் கற்றுக்கொடுப்பதில்லை.

வேகத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி எடுத்தால் போதும். 0.9-இல் 4.05 மீட்டர், 1.1-இல் 6.05 மீட்டர். வித்தியாசம் 2, அதை 0.2-ஆல் வகுத்தால் நேராக 10. நெருங்குவது, எல்லை என்ற பேச்சே வேண்டாம், ஒரே வரியில் விடை. என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்கிறேன், நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பவானிக்கரை

நான் பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். டியூஷன் சார் சொன்ன வழி நல்ல வழிதான், கையால் கணக்கிடும்போது நானும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் எல்லையை விட்டுவிடலாம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. விடை சரியாக 10 வந்தது தேங்காயின் சார்பு இருபடி என்பதால் மட்டும்தான். இரண்டு பக்கமும் சமமாக நகர்ந்தால் 5h² என்ற துண்டு இரண்டிலும் ஒன்றாக இருந்து கழிந்துபோகிறது. t³ எடுத்துப் பாருங்கள். 1.1-இன் கனம் 1.331, 0.9-இன் கனம் 0.729. வித்தியாசம் 0.602, அதை 0.2-ஆல் வகுத்தால் 3.01. உண்மையான விடை 3. இடைவெளியை 0.01 ஆக்கினால் 3.0001. மறுபடியும் நெருங்கத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது அதே வழியை அந்தப் பையன் கேட்ட 2-வது வினாடியில் வைத்துப் பாருங்கள். 1.9-இல் 18.05 மீட்டர். 2.1-இல் காய் தரையில் கிடக்கிறது, 20 மீட்டர். வித்தியாசம் 1.95, அதை 0.2-ஆல் வகுத்தால் 9.75. இன்னும் நெருங்கினால் 1.99-இல் 19.8005, 2.01-இல் 20, வருவது 9.975. இது 10-க்குப் போகிறது. காய் விழும் வேகம் 20, கிடக்கும் வேகம் 0, இந்த வழி சொல்வதோ 10. அந்தக் கணத்தில் எந்தத் தேங்காயும் வினாடிக்கு 10 மீட்டரில் போகவில்லை. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்த உங்கள் பையன்தான் சரியாகச் செய்திருக்கிறான்.

ஆகவே டீச்சர், அவனுக்கு 20 என்றும் சொல்ல வேண்டாம், 0 என்றும் சொல்ல வேண்டாம். 1-வது வினாடியில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்கு வந்தன, அதனால் அங்கே வேகம் என்று ஓர் எண்ணைச் சொல்ல முடிந்தது. 2-இல் இடது பக்கம் 20, வலது பக்கம் 0, ஒத்துப்போகவில்லை. அங்கே வகைக்கெழு இல்லை. s = 5t² என்ற சமன்பாடு t = 2 வரைதான் செல்லும், அதற்கப்புறம் s = 20 என்ற வேறு சமன்பாடு. அந்த இணைப்பில் வரைபடத்தில் ஒரு முனை இருக்கிறது, அந்த முனையில் ஒரே ஒரு தொடுகோடு என்று எதையும் வரைய முடியாது. இடது பக்கத்தை மட்டும் பார்த்தால் 20, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். "தரையைத் தொடும்போது" என்று நீங்கள் கேட்டதற்கு அதுதான் விடை.

காங்கேயம் இயற்பியல்

ஐயா சொன்னது கணக்குக்குச் சரி. பையன் நாளைக்கு என் வகுப்புக்கு வந்து, "அப்படியானால் தரையில் மோதும் கணத்தில் தேங்காய்க்கு வேகமே இல்லையா சார்?" என்று கேட்டால் நான் வேறு மாதிரி சொல்வேன். உண்மையான தேங்காய் 20-லிருந்து 0-வுக்குத் தாவுவதில்லை. தோப்பில் இளகின மண்ணில் விழுந்து 5 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று வையுங்கள். வேகம் சீராகக் குறைந்தால் அந்த 5 சென்டிமீட்டரைக் கடக்கும் சராசரி வேகம் 10. எடுக்கும் நேரம் 0.05-ஐ 10-ஆல் வகுத்தால் 0.005 வினாடி. உங்கள் வரைபடத்தாளில் 1 வினாடிக்கு 4 சென்டிமீட்டர் எடுத்தால் அந்த 0.005 வினாடி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். அதனால் முனை போலத் தெரிகிறது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளைந்துதான் திரும்பும், ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு வேகம் இருக்கும். முனை இருப்பது நாம் எழுதிய சமன்பாட்டில்.

அப்புறம் என் பக்கத்துச் சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் இரண்டாவது பாடம். பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு ds/dt வேண்டும். கணக்குப் புத்தகத்தில் வகையிடல் வருவது இரண்டாம் தொகுதியில். அதனால் நான்தான் முதலில் nxⁿ⁻¹ என்று பலகையில் எழுதும் ஆள். "இப்போதைக்கு நம்பிக்கோங்க, கணக்கில் பிறகு சொல்வார்கள்" என்பேன். டீச்சர் விதிக்கு முன்னால் பொருளைச் சொல்ல நினைக்கும் நேரத்தில் பாதிப் பேருக்கு விதி ஆறு மாதம் பழையது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

நாமக்கல் அப்பா

நான் ஆசிரியர் இல்லை, லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகன் ஒரு விடுதிப் பள்ளியில் +1 படிக்கிறான். பெயர் வேண்டாம். லீவுக்கு வந்தபோது நோட்டைப் பார்த்தேன், பக்கம் பக்கமாக dy/dx. எல்லாம் சரி என்று டிக் போட்டிருந்தது. "y = x²-க்கு x = 3-இல் 6 என்று போட்டிருக்கிறாயே கண்ணு, எது 6?" என்று கேட்டேன். "விடை 6 அப்பா" என்றான். மேலே கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது. நான் டிப்ளமோ படித்த காலத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் அவனைத் திட்ட மனசு வரவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். இந்தத் தேங்காய், தொடுகோடு எல்லாம் தெரிந்தால் நுழைவுத் தேர்வுக்கு ஏதாவது உபயோகம் இருக்கிறதா? இல்லை, விதி மட்டும் போதுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

காங்கேயம் இயற்பியல்

உபயோகம் இருக்கிறதுங்க. நுழைவுத் தேர்வுகளின் இயற்பியல் தாளில் சமன்பாடே கொடுக்காமல் ஒரு இடப்பெயர்ச்சி–நேர வளைவரையை மட்டும் வரைந்து, A, B, C, D என்று நாலு புள்ளி வைத்து, எங்கே வேகம் அதிகம், எங்கே சுழி, எங்கே பொருள் திரும்பி வருகிறது என்று கேட்பார்கள். x-உம் இல்லை, அடுக்கும் இல்லை, விதியைப் போட எதுவும் இல்லை. தொடுகோடு எங்கே செங்குத்தாகச் சாய்கிறது, எங்கே படுத்திருக்கிறது, எங்கே கீழ்நோக்கி இறங்குகிறது என்று கண்ணால் பார்த்தால் அரை நிமிடம். விதி மட்டும் தெரிந்த பிள்ளைகள் அங்கேதான் நிற்கிறார்கள்.

உங்கள் மகனிடம் இன்னொரு தரம் கேட்க வேண்டாம். ஒரு தாளில் y = x² வரையச் சொல்லி, x = 3-இல் ஸ்கேலை வைத்துத் தொடுகோடு போடச் சொல்லுங்கள். அது ஒரு கட்டம் வலது போனால் எத்தனை கட்டம் ஏறுகிறது என்று எண்ணட்டும். 5.5, 6.5 என்று வந்தாலும் பரவாயில்லை. 6 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

திருப்பூர் டியூஷன்

2-வது வினாடியில் 9.75 வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. காலையில் போட்டுப் பார்த்தேன், ஐயா சொன்னது சரி. t³-க்கும் 3.01 வந்தது. இந்த வழியில் எல்லை வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் விதியை முதலில் சொல்வதில் என் கருத்து மாறவில்லை. என்னிடம் வருபவர்கள் கணக்கைக் கண்டு பயந்து வருபவர்கள். முதல் நாளே பத்து விடை சரியாக வந்தால் அவர்களுக்குத் தெம்பு வருகிறது. தெம்பு வந்த பிறகு தேங்காயைச் சொன்னால் கேட்கிறார்கள். பயந்த பிள்ளையிடம் 1.01-இன் வர்க்கத்தைப் போடச் சொன்னால் அங்கேயே தடுமாறி, வேகம் எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும்.

பவானிக்கரை

தெம்பு என்று சார் சொல்வதை நான் மறுக்கவில்லை. எண்ணைப் போடுவதில் தடுமாறுகிறவர்களுக்கு அட்டவணையில் பாதியை நிரப்பிக் கொடுத்துவிடலாம், 1.01-இன் வர்க்கத்தை அவர்கள் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. அந்த எண்கள் எங்கே போய் நிற்கின்றன என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

கோணமானி விஷயத்துக்கு வருகிறேன். டீச்சர், 1 வினாடிக்கு 4 சென்டிமீட்டர், 10 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் எடுத்தீர்களா? அப்படியானால் 10 சாய்வுள்ள கோடு 4 சென்டிமீட்டர் வலது போகும்போது 2 சென்டிமீட்டர்தான் ஏறும். தாளில் அதன் கோணம் 26.6 பாகை. பிள்ளைகள் மிகச் சரியாக அளந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் m = tan θ என்று படித்ததை அப்படியே போட்டிருக்கிறார்கள். அந்தச் சமன்பாடு இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு எடுத்தால்தான் தாளில் செல்லும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே ஒரு அச்சு வினாடி, இன்னொன்று மீட்டர், ஒரே அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கோணமானியை உள்ளே வைக்கச் சொல்லிவிடுங்கள். தொடுகோட்டில் தூரமாக இரண்டு புள்ளிகளை எடுத்து, எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை வினாடி ஓட்டம் என்று அச்சில் எழுதியிருக்கும் எண்களைப் படித்து வகுக்கட்டும். வரும் விடைக்குப் பக்கத்தில் "மீட்டர்/வினாடி" என்று எழுதச் சொன்னாலே பாதிப் பேர் தானாகத் திருத்திக்கொள்வார்கள். கோணமானியில் மீட்டரும் இல்லை, வினாடியும் இல்லை.

இன்னொரு தவறு அடுத்த வாரம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். பத்தாம் வகுப்பு வட்டத்திலிருந்து "தொடுகோடு என்றால் ஒரே ஒரு புள்ளியில் தொடுவது" என்று மனதில் பதித்துக்கொண்டு வருகிறார்கள். வட்டத்துக்கு அது போதும், வளைவரைக்குப் போதாது. y = x² என்ற பரவளையத்தை x = 1 என்ற நெட்டுக்கோடு ஒரே புள்ளியில்தான் சந்திக்கிறது, ஆனால் அது தொடுகோடு இல்லை, குத்திக்கொண்டு போகிறது. அதே நேரம் y = x³-க்கு (1, 1)-இல் தொடுகோடு y = 3x − 2. அது போய் (−2, −8)-இல் வளைவரையை மறுபடியும் சந்திக்கிறது. புள்ளிகளை எண்ணினால் இரண்டிலும் ஏமாந்துபோவோம். தொட்ட இடத்துக்கு மிக அருகில் வளைவரையும் கோடும் ஒன்றாகப் போகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் ஒரு கைக்கண்ணாடி வைத்திருந்தேன். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, சட்டம் இல்லாதது. அதை வளைவரையின் மேல் குறுக்கே நிறுத்தி, வேண்டிய புள்ளியில் மெல்லத் திருப்ப வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பமும் தாளில் இருக்கும் வளைவரையும் முறிவு இல்லாமல் ஒரே கோடாகச் சேரும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியின் அடியை ஒட்டிக் கோடு போட வேண்டும். அது செங்கோடு. அதற்குச் செங்குத்தாகப் போட்டால் தொடுகோடு. கண் மதிப்பில் ஸ்கேல் வைப்பதைவிட இதில் பிழை நன்றாகக் குறையும். கண்ணாடியைக் கொஞ்சம் தப்பாகத் திருப்பினாலும் வளைவரை முறிந்து தெரியும் என்பதால் பிழை தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். தேங்காய்க்கு t = 2-இல் வைத்துப் பாருங்கள், இடது பக்கத்து வளைவரை ஒரு நிலையில் சேரும், வலது பக்கத்துக் கோடு வேறொரு நிலையில் சேரும், இரண்டுக்கும் பொதுவான ஒரே நிலை கிடைக்காது.

வாய்க்கால் பாசனம்

நான் கீழ்பவானி வாய்க்காலில் வேலை பார்த்தவன். நீங்கள் வேகம் வேகம் என்று பேசுவதைப் பார்த்ததும் எங்கள் வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது. வாய்க்கால் நீரின் வேகத்தைக் கண்டுபிடிக்க மிதவை விடுவோம். 30 மீட்டர் அளந்து குச்சி நட்டு, மிதவை கடக்கும் நேரத்தைப் பார்ப்போம். மேல்மட்டத்தில் நீர் வேகமாக ஓடும் என்பதால் வந்த வேகத்தை ஏறத்தாழ 0.85-ஆல் பெருக்கி, சராசரி என்று எடுத்துக்கொள்வோம். இதற்குத் தொடுகோடு எதற்கு? நேராக அளந்துவிடலாமே.

கோபி கணக்கு டீச்சர்

ஐயா, நீங்கள் அளப்பது மாறாமல் ஓடும் நீரின் வேகம். காலையில் அளந்தாலும் மதியம் அளந்தாலும் மதகைத் திருப்பாதவரை அதே எண் வரும். என் தேங்காயின் வேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது, அதனால்தான் நேரத்தைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பவானிசாகரில் நீர் இருப்பு, நீர்வரத்து என்று பேப்பரில் தினமும் போடுகிறார்களே, அதில் மாறுவது இருக்கிறதல்லவா?

வாய்க்கால் பாசனம்

இருக்கிறதுங்க. நான் கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டேன். அணையின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. நீர் இருப்பு என்பது மொத்த அளவு, அதைப் பிள்ளைகள் s என்று வைத்துக்கொள்ளலாம். நீர்வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் வருவது அந்த இருப்பு மாறும் வேகம், வினாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில். வரத்து வெளியேற்றத்தைவிட 1,000 கன அடி கூடுதலாக இருந்து ஒரு நாள் முழுக்க அப்படியே நின்றால் 86,400 வினாடிக்கு 8.64 கோடி கன அடி சேரும். ஒரு டி.எம்.சி என்பது 100 கோடி கன அடி, ஆக 0.0864 டி.எம்.சி. வெளியேற்றம் கூடுதலாக இருந்தால் கழித்தல் குறி வரும், இருப்பு இறங்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகச் சொல்லுங்கள். இருப்பு ஏறும் வேகமும் நீர்மட்டம் ஏறும் வேகமும் ஒன்றல்ல. அணை அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். அதே 1,000 கன அடிக்கு 60 அடியில் இருக்கும்போது நீர்மட்டம் சீக்கிரம் ஏறும், 100 அடியில் மெதுவாகத்தான் ஏறும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதில்தான் குழம்புவார்கள்.

காங்கேயம் இயற்பியல்

இது அருமையான உதாரணம். என் பிள்ளைகள் dy/dx என்றாலே கீழே நேரம்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். வட்டத்தின் பரப்பு ஆரத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கேட்டால், "நேரம் கொடுக்கலையே சார்" என்கிறார்கள். வேகத்தையே முதலில் சொல்வதால் வரும் கெடுதல் இது. அணையில் இருப்பு மட்டத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கேட்டால் நேரமே வராது, அந்த மட்டத்தில் நீர்ப்பரப்பு எவ்வளவு என்பதுதான் விடையாக வரும்.

இதனால்தான் தொடுகோட்டை முதலில் வைத்து, வேகத்தை அதற்கு அப்புறம் வைக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை. தொடுகோட்டில் நேரம் என்ற பேச்சே இல்லை.

பவானிக்கரை

எனக்கு அதில் சம்மதமில்லை. தொடுகோட்டில் தொடங்கினால் எதற்காக அந்தச் சாய்வைத் தேடுகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. வேகத்தில் அந்தக் கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது, டீச்சர் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட மாதிரி. நேரம்தான் கீழே வர வேண்டும் என்ற தவறைப் பிறகு ஒரு நாளில் திருத்திவிடலாம். எதற்கு என்று தெரியாமல் தொடங்கியதைத் திருத்துவது அதைவிடக் கடினம். இது என் அனுபவம், நீங்கள் வேறு மாதிரி பார்த்திருக்கலாம்.

விதியை எப்போது எழுதுவது என்று டீச்சர் கேட்டிருந்தார். நீங்கள் எழுத வேண்டாம். x²-க்கு 1, 2, 3 ஆகிய மூன்று இடங்களிலும் h போட்டுச் சாய்வைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 2, 4, 6 என்று வந்ததும் 2x என்று அவர்களே சொல்வார்கள். அப்புறம் x-ஐ எண் போடாமலே வைத்து (x+h)² ஒரு தரம். x³-க்கு 3, 12, 27 வரும். அதைப் பார்த்து 3x² என்று ஒருவராவது சொல்லிவிடுவார். அன்றைக்கு விதியைப் பலகையில் எழுதுங்கள். விதியை ஏற்கெனவே இயற்பியலில் படித்துவிட்டவர்களும் பரவாயில்லை, அவர்களுக்கு இது சரிபார்க்கும் வேலை ஆகும்.

காங்கேயம் இயற்பியல்

தொடுகோடு முதலில் என்பதை நான் இன்னும் விடவில்லை ஐயா. அடுத்த வருடம் ஒரு பிரிவில் செய்து பார்க்கிறேன். பள்ளி திறந்ததும் நான் விதியைச் சொல்வதற்கு முன்னால் அந்தத் தேங்காய் அட்டவணையை ஒரு பாடவேளை போடுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன். கணக்கு டீச்சருக்கு இரண்டாம் தொகுதி வரும்போது பாதி வேலை மிச்சம்.

நாமக்கல் அப்பா

மகனிடம் தாளில் வரையச் சொன்னேன். விடுதியில் போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது கையில் தாளும் ஸ்கேலும் கொண்டுபோனேன். அவனுக்கு 5.7 வந்தது. "6 வரணுமே, தப்பா வரைஞ்சிட்டேன்" என்று இரண்டு தரம் அழித்து வரைந்தான். இரண்டாவது தரம் ஸ்கேலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு ஏறுறதுதான் 6-ஆப்பா?" என்றான். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கோபி கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் நன்றிங்க. இன்றைக்கு வகுப்பு முடித்துவிட்டு எழுதுகிறேன்.

2-வது வினாடிக்கு இரண்டு பக்கத்து அட்டவணையையும் பலகையில் போட்டேன். ஒத்துப்போகாததால் அங்கே வகைக்கெழு இல்லை என்றேன். காய் மண்ணில் அமுங்கும் 0.005 வினாடியையும் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சிமெண்ட் தரையில் விழுந்து துள்ளினால் வலது பக்கம் 0 வராது, கழித்தலில் வரும்" என்றான். s என்பது கீழ்நோக்கி விழுந்த தூரம், துள்ளினால் அது குறையும் என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான்.

கோணமானிகள் எல்லாம் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போய்விட்டன. ஏற்றம், ஓட்டம் என்று எண்ணியதில் 9-க்கும் 11-க்கும் நடுவில் வந்தது. கண்ணாடி ஆறு பேருக்கு ஒன்றுதான் கிடைத்தது, ஆனாலும் அதை வைத்துச் செய்தவர்களுக்கு 9.8, 10.2 என்று இன்னும் நெருக்கமாக வந்தது. t = 2-இல் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே நிலையில் சேரவே மாட்டேங்குது டீச்சர்" என்று கொண்டுவந்து காட்டினார்கள்.

மூன்று பேருக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. 10 + 5h-இல் h-ஐ 0 ஆக்குகிறோம், ஆனால் அதற்கு ஒரு வரி முன்னால் h-ஆல் வகுத்தோமே, 0-ஆல் வகுக்கலாமா என்று கேட்கிறார்கள். h எப்போதும் 0 ஆவதில்லை, 10-க்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமோ அவ்வளவு பக்கத்தில் வர வைக்கலாம் என்றேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒரு பெண் ஆட்டவில்லை.

நாளைக்கு x³-ஐ வரைந்து x = 0-இல் தொடுகோடு போடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடு வளைவரையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று எழுதுகிறேன்.